சினைப்பையில் கட்டி: காத்திருக்கலாம் என்ற வலி, உடனே கிளம்ப வேண்டிய வலி

வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் சினைப்பையில் கட்டி இருப்பதாக எழுதியிருக்கிறது. அடிவயிற்றில் ஒரு பக்கம் எப்போதாவது வலிக்கிறது. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காத்திருக்கச் சொன்னது பெரும்பாலும் சரியான முடிவுதான். ஆனால் எந்த வலி வந்தால் காத்திருப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. முதல் ஸ்கேனுக்கும் இரண்டாவது ஸ்கேனுக்கும் நடுவில் அறுவை சிகிச்சை மேசை வரைக்கும் போய் வந்த பிறகு, இதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சினைப்பை நிறையச் சின்னச் சின்ன நுண்பைகளோடு காணப்படும் பி.சி.ஓ.எஸ். வேறு விஷயம். அது ஹார்மோன் சம்பந்தப்பட்டது. அந்த நுண்பைகள் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. இந்தக் கட்டுரை தனியாக ஒரு கட்டி, சில சென்டிமீட்டர் அளவில், இருப்பவர்களுக்கு.

1. அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள்

முடிவுரை வரியில் 'வலது சினைப்பைக் கட்டி' என்று மட்டும் இருக்கும். நமக்கு வேண்டிய தகவல் அதற்கு மேலே உள்ள பத்தியில் இருக்கிறது.

முதலில் அளவு. மூன்று எண்கள் இருக்கும். அவற்றில் பெரியதைக் குறித்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்று பாருங்கள். 48 மில்லிமீட்டர் என்பதைப் படித்து 48 சென்டிமீட்டர் என்று கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதவிடாய் வரும் வயதில் மூன்று சென்டிமீட்டர் வரையிலான நீர்ப்பை நோயே அல்ல. ஒவ்வொரு மாதமும் முட்டை வளரும் பை வெடிப்பதற்கு முன் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வரை வளரும். முட்டை வெளியேறிய பின் அதே இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகப் பை உருவாகிச் சில நாட்கள் இருக்கும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெண்ணை மாதத்தின் சரியான நாளில் ஸ்கேன் செய்தாலும் இப்படி ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பது. 'சிம்பிள்' என்றால் மெல்லிய சுவர், உள்ளே வெறும் தெளிந்த நீர், தடுப்போ சதையோ இல்லை என்று பொருள். 'ஹெமரேஜிக்' என்றால் உள்ளே இரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது. ஸ்கேனில் அது வலைப்பின்னல் கோடுகளாகத் தெரியும். இரத்தம் என்ற சொல் பயமுறுத்தினாலும், மாதவிடாய் வரும் வயதில் இதுவும் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். 'எண்டோமெட்ரியோமா' என்றால் கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து பழைய இரத்தம் சேர்ந்த கட்டி, 'டெர்மாய்டு' என்றால் கொழுப்பு, முடி போன்றவை உள்ள கட்டி; இப்படி எழுதியிருந்தால் அவை தாமாகக் கரையும் வகையல்ல. அவற்றுக்குச் சிகிச்சைத் திட்டமும் வேறு. 'சாலிட்' என்ற சதைப்பகுதி, தடித்த தடுப்புகள், உட்சுவரில் முளைப்பு, வயிற்றில் நிறைய நீர் என்றெல்லாம் இருந்தால் சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மகப்பேறு மருத்துவரை அந்த வாரமே பாருங்கள். தேவைப்பட்டால் பெண்களுக்கான புற்றுநோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

என் அறிக்கையில் இருந்தது இது: வலது சினைப்பையில் 56 × 52 × 48 மில்லிமீட்டர், உள்ளே வலைப்பின்னல் கோடுகள், சதைப்பகுதி இல்லை, கட்டிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. அதாவது ஐந்தரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஹெமரேஜிக் வகை. வகை சாதுவானது. ஆனால் அளவு, பின்னால் சொல்லப்போகும் ஒரு காரணத்தால், கவனத்துக்குரியது.

2. கர்ப்பப் பரிசோதனையை முதலில் முடியுங்கள்

கர்ப்பமாக இருக்க இம்மியளவு வாய்ப்பு இருந்தாலும் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். கருக்குழாயில் தங்கும் கரு, சினைப்பைக்குப் பக்கத்தில் கட்டிபோலத் தெரியலாம். அதுவும் ஒரு பக்க வலியைத்தான் தரும். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலும், வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சமாகக் கசிந்திருந்தாலும் இது கட்டாயம். எல்லாப் பரிசோதனைகளிலும் மலிவானது இதுதான். இதன் முடிவு தெரியாமல் மற்றப் பரிசோதனைகளுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

3. அடுத்த ஸ்கேனுக்கு நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

'இரண்டு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொன்னால் பலர் நாட்காட்டியில் அதே தேதியைத் தேடிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் போனால் அந்த மாதத்துக்கான புதிய பை ஒன்று உருவாகியிருக்கும். பழையது கரைந்து புதியது வந்ததா, பழையதே நிற்கிறதா என்று சொல்ல முடியாமல் மூன்றாவது ஸ்கேனுக்கு எழுதுவார்கள். மாதவிடாய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். உதிரப்போக்கு இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஸ்கேன் எடுப்பவர்களுக்கு அது புதிதல்ல.

ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஹெமரேஜிக் கட்டியை எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது வழக்கம். சிம்பிள் வகை ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால், மாதவிடாய் வரும் வயதில், மறு ஸ்கேனே பெரும்பாலும் தேவையில்லை. ஐந்திலிருந்து ஏழு வரை என்றால் ஓராண்டு கழித்துப் பார்க்கச் சொல்லும் வழிமுறைகள் உண்டு. உங்களுக்கு மாதாமாதம் ஸ்கேன் எழுதிக்கொடுத்தால், "எதை எதிர்பார்த்து?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாதத்துக்கு ஒன்று எடுப்பதால் கட்டி சீக்கிரம் கரையப்போவதில்லை.

வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாக எடுப்பதற்குக் காலியாக இருக்க வேண்டும். இரண்டாவதில்தான் படம் தெளிவாக இருக்கும். ஆனால் தாம்பத்திய உறவு இல்லாதவர்களுக்கு அதைப் பொதுவாகச் செய்ய மாட்டார்கள், நீங்கள் மறுக்கவும் உரிமை உண்டு. முடிந்தால் முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலேயே எடுங்கள். இல்லையென்றால் பழைய படங்களையும் அறிக்கையையும் கொண்டுபோங்கள். படம் இல்லாமல் அறிக்கையை மட்டும் தந்திருந்தால் படங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

4. அவசரப்பட்டுச் செய்யக்கூடாத செலவுகள்

சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகம் வரும்போது பார்க்கும் சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாதவிடாய் வரும் வயதில், சிம்பிள் என்று எழுதப்பட்ட கட்டிக்கு இது தேவையில்லை. எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைத் தசைக்கட்டி, இடுப்புக்குழித் தொற்று ஆகியவற்றிலும், சும்மா மாதவிடாய் ஓடும்போதும்கூட, இந்த அளவு ஏறும். தானாகவே போய்ச் சோதனை செய்துகொண்டு, எண் கொஞ்சம் கூடியிருப்பதைப் பார்த்து, எம்.ஆர்.ஐ. வரை ஓடியவர்கள் பலர். மாதவிடாய் நின்றவர்களுக்கு இதே பரிசோதனை முக்கியமானது. அங்கே அதைத் தவிர்க்கக்கூடாது.

இன்னொன்று, கட்டியைக் கரைக்க என்று எழுதித்தரும் கருத்தடை மாத்திரை. ஏற்கெனவே இருக்கும் கட்டி அதனால் சீக்கிரம் கரைவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. புதிதாக வராமல் தடுக்க அது உதவலாம், அது வேறு கணக்கு. மாத்திரை சாப்பிட்டுக் கட்டி போய்விட்டது என்று யாராவது சொன்னால், சாப்பிடாவிட்டாலும் போயிருக்கும் என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

5. வலிக்கு ஒரு சின்னக் குறிப்பு வையுங்கள்

ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் ஒரே ஒரு வரி போதும்: தேதி, மாதவிடாய் தொடங்கி எத்தனையாம் நாள், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், குமட்டல் இருந்ததா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

மந்தமான, இழுப்பதுபோன்ற வலி, படுத்தால் குறைகிறது, பாரசிட்டமால் ஒன்றில் அடங்குகிறது என்றால் அது கட்டியோடு வாழும் வலி. சுழற்சியின் நடுவில் ஓரிரு நாள் வருவது முட்டை வெளியேறும் வலியாகவும் இருக்கலாம். இவற்றைக் குறித்துவைத்து அடுத்த சந்திப்பில் காட்டினால் போதும். இப்யூபுரூஃபன் வகை மாத்திரையைக் கர்ப்ப வாய்ப்பு உள்ளவர்களும் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குதிப்பது, திடீரென்று உடலைத் திருப்புவது, அதிக எடை தூக்குவது போன்றவற்றை மறு ஸ்கேன் வரை தள்ளிவையுங்கள். நடை, அன்றாட வேலை எதற்கும் தடையில்லை.

6. காத்திருப்பதை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

இங்கே மூன்று விபத்துகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சினைப்பை முறுக்கிக்கொள்வது. சினைப்பை காம்பில் தொங்கும் காய்போல இரண்டு தசைநார்களில் தொங்குகிறது. அதற்கான இரத்தக் குழாய்களும் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன. கட்டியால் கனம் ஏறியதும் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ள இடம் உண்டாகிறது. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் வாய்ப்பு கூடுகிறது என்பதால்தான் அளவைக் குறிக்கச் சொன்னேன். வலது பக்கத்தில் இது சற்று அதிகம், ஏனென்றால் இடது பக்கத்தில் பெருங்குடலின் ஒரு பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அறிகுறி: திடீரென்று ஒரு பக்கத்தில் கடுமையான வலி, அதோடு குமட்டல் அல்லது வாந்தி.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. பாதி முறுக்கிய சினைப்பை தானாகப் பிரிந்துவிடலாம். வலி அப்படியே நின்றுவிடும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து மறுபடி முறுக்கும். எனக்கு நடந்தது இதுதான். குமட்டலோடு வந்த வலி, வந்த வேகத்தில் போனது. வாயு என்றார்கள் வீட்டில். மறுநாள் இரவு படுக்கையில் திரும்பிப் படுத்தபோது வந்த வலியில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, இரண்டு முறை வாந்தி. குமட்டலோடு வந்து போகும் வலியைச் 'சரியாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலி நின்ற நிலையிலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைப்பேற்றுக்காகச் சினைப்பையைத் தூண்டும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

இரண்டாவது, கட்டி வெடித்து உள்ளே இரத்தம் கசிவது. உடற்பயிற்சியின்போதோ உடலுறவின்போதோ, பெரும்பாலும் சுழற்சியின் பின்பாதியில், சுரீரென்று ஒரு வலி. பல சமயம் ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். ஆனால் தலைசுற்றல், மயக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, வயிறு உப்பி இறுகுதல், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உள்ளே இரத்தம் தேங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் தேங்கும் இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால்தான் சம்பந்தமே இல்லாத தோளில் வலிக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சாதாரணமாகத் தோன்றும் வெடிப்பு வலிக்கும் உடனே போக வேண்டும். கருக்குழாய்க் கர்ப்பம் வெடித்தாலும் இதே அறிகுறிகள்தான்.

மூன்றாவது, தொற்று. 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், கூடவே அடிவயிற்று வலி, சில சமயம் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல். கட்டி என்று நினைத்தது சீழ்க்கட்டியாக இருக்கலாம். வலது பக்கமானால் குடல்வால் அழற்சியையும் மறந்துவிடக்கூடாது. எதுவானாலும் வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அன்றே போங்கள்.

இதில் எதிலும் பொருந்தாவிட்டாலும், வலி நிவாரணி சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியும் வலி அடங்கவில்லை, பேச முடியாத அளவுக்கு இருக்கிறது என்றால் கிளம்புங்கள். மயக்கம் வருகிறவர் தானே வண்டி ஓட்டிப் போகக்கூடாது, ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

7. கிளம்பும்போது

சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. வலிக்குச் சூடான ஏதாவது கொடுக்கலாம் என்று வீட்டில் அன்பாக நீட்டுவார்கள், மறுத்துவிடுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் எடுத்த மாத்திரையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் உறையில் இவற்றை எப்போதும் தயாராக வையுங்கள்: ஸ்கேன் அறிக்கையும் படங்களும், கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, இரத்தப் பிரிவு, ஒவ்வாமை உள்ள மருந்துகள், தினமும் சாப்பிடும் மருந்துகள், முந்தைய அறுவை சிகிச்சைகள், வலிக் குறிப்பு, அடையாள அட்டை, காப்பீடு இருந்தால் அதன் அட்டை. மகப்பேறு மருத்துவரும், ஸ்கேன் வசதியும், இரவில் அறுவை சிகிச்சை செய்யும் வசதியும் உள்ள மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. நடுராத்திரியில் ஓரிடத்துக்குப் போய் அங்கிருந்து வேறிடத்துக்கு அனுப்பப்படுவதில்தான் நேரம் போகிறது.

அவசரப் பிரிவில் 'வயிற்று வலி' என்று மட்டும் சொன்னால் உங்கள் முறை பின்னுக்குப் போகும். "வலது சினைப்பையில் ஐந்தரை சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரியும். இத்தனை மணிக்குத் திடீரென்று வலி தொடங்கியது, வாந்தி இருக்கிறது. முறுக்கிக்கொண்டிருக்குமோ என்று பார்க்க வேண்டும்" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

8. 'இரத்த ஓட்டம் இருக்கிறது' என்று சொன்னால்

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். டாப்ளர் ஸ்கேனில் சினைப்பைக்கு இரத்தம் ஓடுவது தெரிந்தால், முறுக்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சினைப்பைக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது, ஒன்று மகாதமனியிலிருந்து நேராக, இன்னொன்று கருப்பையின் தமனியிலிருந்து. முறுக்கும்போது மெல்லிய சுவருள்ள சிரைகள்தான் முதலில் நசுங்கும். தமனியில் ஓட்டம் இன்னும் இருக்கும். உள்ளே போன இரத்தம் வெளியேற வழியின்றிச் சினைப்பை வீங்கும். எனக்கும் அந்த இரவில் முதலில் பார்த்தவர் ஓட்டம் இருக்கிறது, ஊசி போட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். பணியில் இருந்த மகப்பேறு மருத்துவர் படத்தை வாங்கிப் பார்த்து, சினைப்பை மற்றதைவிட மிகப் பெரிதாக வீங்கியிருப்பதையும் வாந்தி நிற்காததையும் வைத்து ஒப்புக்கொள்ளவில்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டியது: "ஓட்டம் இருந்தாலும் முறுக்கு இருக்கலாமா? மகப்பேறு மருத்துவர் நேரில் பார்த்துவிட்டுச் சொல்ல முடியுமா?" ஊசி போட்டு வலி மட்டுப்பட்டிருக்கும் நேரத்தில் அனுப்பிவைக்கப் பார்த்தால், மருந்தின் வேகம் குறையும் வரை கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிவது, வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே விடும் லேப்ராஸ்கோப்பி செய்து நேரில் பார்க்கும்போதுதான்.

எத்தனை மணி நேரத்தில் சினைப்பை கெட்டுவிடும் என்பதற்கு ஒரே கணக்கு கிடையாது. சீக்கிரம் பிரித்தால் நல்லது. ஆனால் நேரமாகிவிட்டது, இனிப் பயனில்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம். ஒரு நாள் கடந்த பிறகும் பிழைத்த சினைப்பைகள் உண்டு.

9. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

"சினைப்பையைப் பிரித்துவிட்டு வைத்துக்கொள்ள முடியுமா, எடுத்துவிடுவீர்களா?" என்று கேளுங்கள். முறுக்கிய சினைப்பை கருநீலமாக, செத்துப்போனதுபோலத் தெரியும். அந்த நிறத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டியதில்லை, முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலானவை மீண்டு வேலை செய்கின்றன என்பதே இன்றைய நிலைப்பாடு. மாதவிடாய் வரும் வயதினருக்கு இதுதான் வழக்கமும். என்னுடையதும் கருநீலமாகத்தான் இருந்ததாம். முறுக்கைப் பிரித்து, கட்டியை மட்டும் எடுத்தார்கள். பின்னர் எடுத்த ஸ்கேனில் சினைப்பையில் முட்டை வளரும் நுண்பைகள் வழக்கம்போல் தெரிந்தன. மாதவிடாய் நின்றவர்களுக்கு முடிவு வேறாக இருக்கலாம், அவர்களுக்குச் சினைப்பையை எடுப்பதே பொருத்தமாக இருக்கும்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். துளைவழி செய்யத் தொடங்கி, திறந்து செய்ய நேர்ந்தால் எவ்வளவு மாறும், எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். இதைக் கேட்க உடன் வந்தவரை அனுப்புங்கள். அதற்காக அறுவை தாமதமாகக் கூடாது.

10. மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் பார்க்க வேண்டியவை

வலியே இல்லாமல் வரும் சில அறிகுறிகளும் உண்டு. வயிறு தொடர்ந்து உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, காரணமில்லாமல் எடை குறைவது. ஒரு மாதத்தில் பாதி நாட்களுக்கு இவை இருந்தால், குறிப்பாக 50 வயதை ஒட்டியவர்கள், அடுத்த ஸ்கேன் தேதி வரை தள்ளாமல் சந்திப்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மாதவிடாய் நின்ற பின் உதிரம் பட்டால் ஒருமுறை என்றாலும் காட்டுங்கள். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் ஆனவருக்கு 'ஹெமரேஜிக், தானே கரையும்' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். முட்டை வெளியேறாத வயதில் அப்படிப்பட்ட கட்டி உண்டாகக் காரணமில்லை.

11. வீட்டுக்கு வந்த பிறகு

எடுத்த திசுவின் பயாப்சி முடிவு வர ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். வலி போய்விட்டது, தையலும் ஆறிவிட்டது என்று இதைப் பலர் வாங்குவதே இல்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பயாப்சி எண்ணும் அதை எங்கே வாங்க வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அறுவை செய்யாமல் கண்காணிப்பில் மட்டும் வைத்து அனுப்பியிருந்தால், மறு ஸ்கேன் தேதியையும், அதே வலி திரும்பினால் நேராக எந்தப் பிரிவுக்கு வர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.